பாட்டில் ஊட்டச்சத்து பானமும் தண்ணீர்க் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்கு ரெடிமேட் திரவ ஊட்டச்சத்து பாட்டில்கள் எழுதிக் கொடுக்கிறோம். வாயால் குடிப்பவர்களும் உண்டு, மூக்கு வழியே டியூப் வைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. "கெட்டியா இருக்குதே, கொஞ்சம் தண்ணி விட்டுக்கலாமா?" என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். அந்தத் தண்ணீர் கணக்கை எப்படி மாற்றுகிறது என்று பார்ப்போம்.

பரவலாகக் கிடைக்கும் ஒரு வகையை எடுத்துக்கொள்கிறேன். ஒரு பாட்டில் 200 மி.லி. அதில் 300 கிலோ கலோரி, 12 கிராம் புரதம். கலோரியை அளவால் வகுத்தால் ஒரு மி.லி.க்கு ஒன்றரை கலோரி. புரதம் 100 மி.லி.க்கு 6 கிராம். எல்லா பாட்டிலும் இப்படி இருக்காது. மி.லி.க்கு ஒரு கலோரி உள்ளதும் உண்டு, இரண்டைத் தாண்டியதும் உண்டு. அதனால் முதலில் லேபிளைப் பாருங்கள். அதில் 100 மி.லி.க்கு என்று ஒரு வரிசையும், முழு பாட்டிலுக்கு என்று இன்னொரு வரிசையும் இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சரி, இந்த 200 மி.லி. பாட்டிலில் 100 மி.லி. தண்ணீர் விடுகிறோம். இப்போது 300 மி.லி. ஆகிவிட்டது. உள்ளே இருக்கும் சத்து அதே 300 கலோரி, அதே 12 கிராம் புரதம்தான். ஆனால் ஒரு மி.லி.க்கு ஒன்றரை கலோரியாக இருந்தது ஒன்றாகிவிட்டது. 100 மி.லி.க்கு 6 கிராம் புரதம் 4 கிராமாகிவிட்டது. முழு 300 மி.லி.யும் உள்ளே போனால் நஷ்டம் எதுவும் இல்லை. பழைய 200 மி.லி. அளவிலேயே நிறுத்திவிட்டால் 200 கலோரியும் 8 கிராமும்தான் போகிறது.

வீட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான். 50 கிலோ எடையுள்ள ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு நாளுக்கு 1500 கலோரி, 60 கிராம் புரதம் என்று கணக்குப் போட்டு, டியூபில் வேளைக்கு 200 மி.லி. வீதம் ஐந்து வேளை எழுதியிருக்கிறோம். ஐந்து பாட்டில், 1000 மி.லி., கணக்கு சரியாக வருகிறது. வீட்டில் அவர் மகள், டியூப் அடைக்காமல் இருக்கட்டும் என்று, நான் சொன்ன அதே விகிதத்தில் தண்ணீர் கலக்கிறார். சீட்டில் 200 மி.லி. என்று இருப்பதால் கலந்ததிலும் 200 மி.லி.யே கொடுக்கிறார். வேளை தவறவில்லை, அளவும் தவறவில்லை. ஆனால் நாளுக்கு 1000 கலோரியும் 40 கிராம் புரதமும்தான் சேருகிறது. குறையும் 20 கிராம் என்பது மூன்று முட்டைக்கும் மேலான புரதம்.

எடை இறங்குவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. காலி பாட்டில்களை எண்ணுங்கள். வாரத்துக்கு 35 காலியாக வேண்டும். இவர் வீட்டில் 23, 24தான் காலியாகும். "பாட்டில் மிச்சம் இருக்கு, இந்த வாரம் வாங்க வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நான் உடனே எப்படிக் கொடுக்கிறார்கள் என்று விசாரிப்பேன்.

அப்படியானால் தண்ணீரே வேண்டாமா? வேண்டும். இந்தச் செறிவுள்ள பானத்தில் நாலில் மூன்று பங்கு அளவுதான் தண்ணீர். அதாவது 1000 மி.லி. கொடுத்தால் ஏறக்குறைய 750 மி.லி. தண்ணீர்தான் உடம்புக்குக் கிடைக்கிறது. மீதித் தேவையைத் தனியாகக் கொடுக்க வேண்டும். டியூப் உள்ளவர்களுக்கு, உணவுக்கு முன்னும் பின்னும் டியூபைக் கழுவ விடும் தண்ணீரும் இதில் சேரும். தனியாகக் கொடுத்தால் உணவின் கணக்கு கலையாது, தண்ணீரையும் எழுதி வைக்க முடியும். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குத் தண்ணீரின் மொத்த அளவையே மருத்துவர் கட்டுப்படுத்தியிருப்பார். அவர்களுக்குச் செறிவான பானம் எழுதுவதே அதற்காகத்தான்.

வயிற்றுப்போக்கு வந்தால் நீர்க்கச் செய்யும் வழக்கம் முன்பு மருத்துவமனைகளிலேயே இருந்தது. இப்போது அதைப் பொதுவாகச் செய்வதில்லை. பானத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வேகத்தையோ வேளை அளவையோ குறைத்துப் படிப்படியாக ஏற்றுகிறோம். நோயாளி சாப்பிடும் ஆன்டிபயாட்டிக்கோ, இனிப்புச் சேர்த்த சிரப் மருந்தோ காரணமாக இருக்குமா என்றும் பார்க்கிறோம்.

வாயால் குடிப்பவர் திகட்டுகிறது என்றால் குளிரவைத்து, சிறு சிறு மடக்காகக் கொடுத்துப் பாருங்கள். நீர்க்கச் செய்தே ஆக வேண்டுமானால் தண்ணீருக்குப் பதில் பால் விடலாம். 100 மி.லி. பாலில் சுமார் 60 கலோரியும் 3 கிராம் புரதமும் இருக்கிறது. கலந்த 300 மி.லி.யில் 360 கலோரியும் 15 கிராமும் வரும், மி.லி.க்கு 1.2 கலோரி. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், பொட்டாசியம், பாஸ்பரஸ் கட்டுப்பாடு உள்ள சிறுநீரக நோயாளிகளுக்கும் இது ஆகாது. விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கோ எதை விட்டும் நீர்க்கச் செய்யாதீர்கள். நீர்த்த பானம் மூச்சுக்குழாயில் இறங்கிவிடக் கூடும்.

இன்னொன்று, பாட்டில் திறக்கும்வரை கிருமி இல்லாதது. தண்ணீரோ பாலோ கலந்த பிறகு அப்படி இல்லை. கலந்தால் காய்ச்சி ஆறவைத்ததையே விடுங்கள், அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். வெளியே வைத்திருந்து நான்கு மணி நேரம் தாண்டிவிட்டால் கொட்டிவிடுங்கள். வணக்கம்.