ஒரு ஃபோல்டர் படங்களை ஒரே கட்டளையில் சுருக்கி மெயிலில் அனுப்புவது எப்படி?

[திரையில்: ஒரு ஃபோல்டர். உள்ளே 48 படங்கள். கீழே மொத்த அளவு 190 எம்.பி. என்று தெரிகிறது.]

மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஊறிப்போன கட்டில், உப்பிய கதவு, ஃப்ரிட்ஜ், சுவரில் தண்ணீர் நின்ற கோடு என்று எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தாகிவிட்டது. மொத்தம் 48 படங்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் மெயிலில் அனுப்பச் சொல்கிறார். ஒவ்வொரு படமும் கிட்டத்தட்ட 4 எம்.பி. இருக்கிறது. ஜிமெயிலில் ஒரு மெயிலோடு 25 எம்.பி. வரைதான் இணைக்க முடியும். அதைத் தாண்டினால் ட்ரைவ் லிங்க்காக மாற்றிவிடும். வெளி லிங்க்கைத் திறக்க அனுமதி இல்லாத அலுவலகங்கள் நிறைய உண்டு. அதனால் படங்கள் மெயிலோடு சேர்ந்தே போக வேண்டும்.

முதலில் எல்லோரும் செய்து பார்ப்பது, ஃபோல்டரை ஜிப் ஆக்குவது. 190 எம்.பி. ஃபோல்டரை ஜிப் செய்தாலும் ஏறக்குறைய 190 எம்.பி.தான் வரும். ஜேபிஜி படம் ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஃபைல் என்பதால், ஜிப் மேலும் பிழிந்தெடுக்க அதில் ஒன்றும் மிச்சமிருக்காது.

அடுத்த வழி, எல்லாப் படங்களையும் வாட்ஸ்ஆப்பில் நமக்கே அனுப்பித் திரும்ப எடுத்துக்கொள்வது. அதில் அளவு குறையும், உண்மைதான். ஆனால் சாதாரணப் படமாக அனுப்பும்போது, படம் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்று உள்ளே எழுதியிருக்கும் குறிப்பும் அழிந்துவிடும். இழப்பீடு கேட்டு அனுப்பும் படத்தில் அந்தத் தேதி நமக்குத் தேவை.

[திரையில்: ஒரு படத்தின் விவரம். 4000 x 3000.]

சரி, அளவை எங்கே குறைப்பது? இந்தப் படம் 4000 பிக்சல் அகலம், 3000 பிக்சல் உயரம். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் பிக்சல். சர்வேயர் இதை லேப்டாப் திரையில் பார்ப்பார், அதிகம் போனால் ஏ4 தாளில் அச்செடுப்பார். சாதாரண ஃபுல் எச்.டி. திரையின் அகலமே 1920 பிக்சல்தான். ஆக, நீளமான பக்கத்தை 1600 பிக்சலுக்குக் கொண்டுவந்தால் போதும். அப்போது படம் 1600 x 1200 ஆகிறது, பிக்சல் எண்ணிக்கை ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. ஃபைல் அளவும் பெரும்பாலும் 300 முதல் 400 கே.பி.க்குள் அடங்கிவிடும். புல், மணல், ஓடு மாதிரி நுணுக்கம் நிறைந்த படங்கள் கொஞ்சம் கூடுதலாக வரும்.

இதை 48 படங்களுக்கும் திறந்து திறந்து செய்ய வேண்டியதில்லை. இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. imagemagick.org தளத்தில் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் கிடைக்கும். இங்கே விண்டோஸில் செய்து காட்டுகிறேன். நிறுவும்போது PATH-இல் சேர்க்கலாமா என்று ஒரு டிக் கேட்கும், அதை எடுத்துவிடாதீர்கள். அது இல்லையென்றால் கட்டளை அடிக்கும்போது இந்த மென்பொருள் எங்கே இருக்கிறது என்று விண்டோஸுக்குத் தெரியாது.

[திரையில்: ஃபோல்டரின் மேலே உள்ள முகவரிப் பட்டையில் cmd என்று அடித்து என்டர் தட்டுவது.]

படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் cmd என்று அடித்து என்டர் தட்டுங்கள். கறுப்புச் சன்னல் அதே ஃபோல்டரில் திறக்கும். முதல் வேலை, சின்னப் படங்கள் போய் விழ ஒரு தனி ஃபோல்டர் போடுவது.

```
mkdir small
```

அப்புறம் இந்த ஒரு வரி.

```
magick mogrify -path small -auto-orient -resize "1600x1600>" -quality 80 -format jpg *.jpg
```

[திரையில்: கட்டளையின் ஒவ்வொரு பகுதியும் வரிசையாக ஒளிர்கிறது.]

இதில் மிக முக்கியமான துண்டு -path small என்பதுதான். mogrify என்ற கட்டளைக்கு வேறு இடம் சொல்லாவிட்டால், அது அசல் படத்தின் மேலேயே எழுதிவிடும். 4 எம்.பி. படம் இருந்த இடத்தில் 350 கே.பி. படம் உட்கார்ந்திருக்கும், அசல் போயே போய்விடும். ரீசைக்கிள் பின்னிலும் இருக்காது. ஆகவே இந்தத் துண்டு இருக்கிறதா என்று பார்க்காமல் என்டர் தட்டாதீர்கள். small ஃபோல்டரைப் போட மறந்திருந்தால் பயமில்லை, எழுத முடியவில்லை என்று பிழைச் செய்தி வருமே தவிர அசலுக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்து "1600x1600>". அகலம் உயரம் இரண்டும் 1600-க்குள் அடங்க வேண்டும் என்று அர்த்தம். படம் சதுரமாக நசுங்கிவிடாது, விகிதம் அப்படியே இருக்கும். நிமிர்த்தி எடுத்த படம் 1200 x 1600 ஆகும், படுக்கை வாட்டில் எடுத்தது 1600 x 1200 ஆகும். கடைசியில் இருக்கும் அந்த அம்புக்குறி, பெரிய படத்தை மட்டும் சுருக்கு, ஏற்கெனவே சின்னதாக இருப்பதைப் பெரிதாக்காதே என்று சொல்கிறது. யாரோ அனுப்பிய 800 பிக்சல் படம் ஒன்று நடுவில் கிடந்தால் அதை இழுத்துப் பெரிதாக்கி மங்கலாக்காமல் விட்டுவிடும்.

மேற்கோள் குறியை மட்டும் விட்டுவிடக் கூடாது. கறுப்புச் சன்னலில் அம்புக்குறிக்கு வேறு வேலை உண்டு: வரும் விடையை ஒரு ஃபைலில் எழுது என்பது அதன் பொருள். மேற்கோள் குறி இல்லாமல் அடித்தால் உங்கள் ஃபோல்டரில் -quality என்ற பெயரில் ஒரு வெற்று ஃபைல் முளைத்திருக்கும். அப்படி ஒன்றைப் பார்த்தால் காரணம் இதுதான். அந்த ஃபைலை அழித்துவிட்டு, மேற்கோள் குறி போட்டு மறுபடி அடியுங்கள்.

-auto-orient எதற்கு? போனைத் திருப்பிப் பிடித்து எடுத்தாலும் பல போன்கள் படத்தைப் படுக்கை வாட்டிலேயே பதிந்துவிட்டு, காட்டும்போது திருப்பிக் காட்டவும் என்று உள்ளே ஒரு குறிப்பை மட்டும் எழுதிவைக்கும். அந்தக் குறிப்பைப் படிக்காத மென்பொருளில் திறந்தால் சுவர் படுத்திருக்கும். இந்தத் துண்டு, படத்தை உண்மையிலேயே நிமிர்த்திவிட்டுக் குறிப்பையும் திருத்திவிடுகிறது.

-quality 80 என்பது ஜேபிஜியின் தரம். 95-க்கும் 80-க்கும் உள்ள வித்தியாசம் திரையில் கண்ணுக்குத் தெரிவது அரிது, ஃபைல் அளவில் நன்றாகத் தெரியும். 60-க்குக் கீழே போனால் சுவரில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் தெரியத் தொடங்கும். ஈரம் ஏறிய கோட்டைக் காட்ட வேண்டிய படத்தில் அது ஆகாது.

[திரையில்: என்டர் தட்டியதும் சன்னல் சிறிது நேரம் அசையாமல் நிற்கிறது.]

என்டர் தட்டியதும் சன்னலில் எதுவும் வராது. வேலை நடந்துகொண்டிருக்கிறது, மூடிவிடாதீர்கள். முடிந்ததும் புதிய வரி வந்து நிற்கும். சரியாக நடந்ததா என்று இப்படிப் பார்க்கலாம்.

```
magick identify small\*.jpg
```

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி வரும், அதில் 1600x1200 போன்ற அளவும் ஃபைல் எடையும் இருக்கும். எண்ணிக்கை 48 இருக்கிறதா என்று small ஃபோல்டரிலும் ஒரு முறை பாருங்கள். இரண்டு மூன்று படங்களைத் திறந்து, எழுத்து இருக்கும் இடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். மீட்டர் எண் படிக்க வரவில்லை என்றால் அந்த ஒரு படத்தை மட்டும் அசல் அளவிலேயே தனி மெயிலில் அனுப்பிவிடலாம்.

[திரையில்: ஃபோல்டரில் சில பிஎன்ஜி ஃபைல்கள்.]

ஃபோல்டரில் பிஎன்ஜி படங்களும் கலந்திருந்தால் மேலே சொன்ன கட்டளை அவற்றைத் தொடாது, ஏனென்றால் *.jpg என்றுதான் கேட்டிருக்கிறோம். அவற்றுக்குத் தனியாக ஒரு வரி அடிக்க வேண்டும்.

```
magick mogrify -path small -resize "1600x1600>" -background white -alpha remove -quality 80 -format jpg *.png
```

நடுவில் வெள்ளைப் பின்னணி சொல்லியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிஎன்ஜியில் ஒளி ஊடுருவும் பகுதி இருக்கலாம், ஜேபிஜியில் அப்படி ஒன்று கிடையாது. நாம் நிறம் சொல்லாவிட்டால் அந்த இடம் பெரும்பாலும் கறுப்பாகிவிடும். இன்னொன்று, bill.jpg, bill.png என்று ஒரே பெயரில் இரண்டு இருந்தால் இரண்டும் small ஃபோல்டரில் bill.jpg ஆகவே வரும், பிந்தியது முந்தியதை அழித்துவிடும். முன்கூட்டியே ஒன்றின் பெயரை மாற்றிவிடுங்கள். வங்கி ஸ்டேட்மென்ட் மாதிரி எழுத்து மட்டும் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்டை நான் மாற்றவே மாட்டேன். ஜேபிஜியில் எழுத்தின் ஓரம் அழுக்குப் படிந்த மாதிரி ஆகிவிடும், பிஎன்ஜியே அதற்குச் சரி.

பல இடங்களில் இந்தக் கட்டளையோடு -strip என்றும் சேர்க்கச் சொல்வார்கள். அது படத்துக்குள் இருக்கும் தேதி, இடம், கேமரா விவரம் எல்லாவற்றையும் துடைத்துவிடும். இந்த 48 படங்களுக்கு நான் வேண்டுமென்றேதான் அதைச் சேர்க்கவில்லை, தேதி உள்ளேயே இருக்கட்டும். முன்பின் தெரியாதவருக்கு வீட்டில் எடுத்த படங்களை அனுப்பும்போது நிலைமை வேறு. போனில் லொகேஷன் இயங்கியிருந்தால் வீடு இருக்கும் இடம் படத்துக்குள்ளேயே போகும், அப்போது கட்டாயம் -strip சேர்க்க வேண்டும். அதை -auto-orient-க்குப் பின்னால் போடுங்கள். முன்னால் போட்டால் திருப்பச் சொல்லும் குறிப்பும் சேர்ந்து அழிந்து, படம் படுத்துவிடும். நிறக் குறிப்பையும் அது அழிப்பதால் சில ஐபோன் படங்கள் சற்று வெளிறித் தெரியலாம்.

[திரையில்: மெயில் எழுதும் பக்கம், 48 படங்களும் இணைகின்றன.]

இப்போது small ஃபோல்டரின் மொத்த அளவு சுமார் 17 எம்.பி. ஆனால் மெயில் போகும் வழியில் அது அப்படியே போகாது. மெயில் என்பது எழுத்துகளை அனுப்ப உருவான முறை என்பதால், இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாக மாற்றப்பட்டுத்தான் செல்கிறது. 17 எம்.பி. வழியில் கிட்டத்தட்ட 23 எம்.பி. ஆகிறது. அதனால்தான் இணைப்பை 18 எம்.பி.க்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அனுப்பும் பக்கம் ஏற்றுக்கொண்டாலும், பெறும் அலுவலகத்தின் வரம்பு அதைவிடக் குறைவாக இருக்கலாம். அப்படியானால் மெயில் திரும்பி வரும். அந்தச் செய்தியில் அளவு மிஞ்சிவிட்டது என்று எழுதியிருந்தால், தரத்தை மேலும் குறைக்க வேண்டாம். படங்களை அறைவாரியாகப் பிரித்து இரண்டு மூன்று மெயில்களாக அனுப்புங்கள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் கிளெய்ம் எண்ணையும், 1/3, 2/3, 3/3 என்ற வரிசையையும் போட்டுவிடுங்கள்.