கிளினிக்கின் முதல் திரை

வணக்கம் நேயர்களே. ஒரு கிளினிக்கின் இன்ஸ்டகிராம் பக்கத்தைப் புதிதாகத் திறக்கும் ஆள், அங்கே என்ன வைத்தியம் கிடைக்கும் என்பதைச் சில விநாடிகளில் எப்படிப் பிடித்துக்கொள்வது? இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

வெள்ளவத்தையில் காலி வீதியை விட்டு உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில் பல் கிளினிக் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்குப் பல் வலியோடு ஒருவர் அதன் பக்கத்தைத் திறக்கிறார். முதலில் படுவது பொங்கல் வாழ்த்து, பக்கத்தில் தீபாவளி வாழ்த்து, அதற்கடுத்து ஊழியரின் பிறந்தநாள் கேக். வேர் சிகிச்சை செய்வார்களா, பிள்ளைகளுக்குப் பார்ப்பார்களா, ஒன்றும் தெரியவில்லை. அவர் அடுத்த கிளினிக்கைத் தேடிப் போய்விடுவார்.

பழைய பதிவாக இருந்தாலும் பக்கத்தின் உச்சியில் குத்தி வைக்க இன்ஸ்டகிராம் இடம் தருகிறது. இதைத்தான் பின் செய்வது என்கிறோம். பதிவின் மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டால் அந்தத் தெரிவு வரும். மூன்று பதிவுகளுக்குத்தான் இடம். கடைசியாகப் பின் செய்தது இடது ஓரத்தில் முதலாவதாக நிற்கும். ஆகவே முதலில் தெரிய வேண்டியதைக் கடைசியில் பின் செய்யுங்கள்.

நம்முடைய பல் கிளினிக்கிற்கு நான் வைக்கும் மூன்றையும் சொல்கிறேன். முதலாவது, என்ன செய்கிறோம் என்பது: பல் பிடுங்குதல், அடைத்தல், வேர் சிகிச்சை, கம்பி போடுதல், பிள்ளைகளுக்கான சிகிச்சை. இரண்டாவது, எங்கே இருக்கிறோம் என்பது: எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், முச்சக்கரவண்டிக்காரருக்கு எந்த அடையாளத்தைச் சொல்ல வேண்டும். மூன்றாவது, எப்படி நம்பர் எடுப்பது, முதல் தடவை வரும்போது என்ன கொண்டு வருவது.

போனில் பின் செய்த பதிவின் படம் திரையின் மூன்றில் ஒரு பங்கு அகலம்தான். அதிலே தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் நுணுக்கி எழுதினால் ஒன்றையும் வாசிக்க முடியாது. படத்தில் நாலைந்து சொற்கள் பெரிதாக இருந்தால் போதும். ஒரே பதிவில் பல படங்களை அடுக்கலாம் அல்லவா? முதல் படம் தமிழிலும் சிங்களத்திலும் சுருக்கமாக இருக்கட்டும், தள்ளிப் பார்த்தால் ஒவ்வொரு மொழியிலும் விபரம் வரட்டும். ஓரங்கள் வெட்டுப்படக்கூடும் என்பதால் எழுத்தை நடுவில் வையுங்கள்.

சரி, கட்டணத்தையும் நேரத்தையும் ஏன் பின் செய்யவில்லை? பதிவு போட்ட பிறகு கீழே உள்ள எழுத்தைத் திருத்தலாம், படத்தை மாற்ற முடியாது. விலை ஏறினால் பழைய விலை உச்சியிலேயே நிற்கும், நோயாளி அதைக் காட்டி வரவேற்பு மேசையில் வாதாடுவார். அதனால் நேரத்தை, பக்கத்தின் பெயருக்குக் கீழே வரும் அறிமுகக் குறிப்பில் எழுதுங்கள். 150 எழுத்துக்குள் அடங்க வேண்டும், எப்போதும் திருத்தலாம். கட்டணம் ஹைலைட்டுக்குப் போகட்டும்.

ஹைலைட் என்பது அறிமுகக் குறிப்புக்குக் கீழே தெரியும் வட்டங்கள். 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரியை அங்கே சேர்த்தால் அது நிலைத்திருக்கும். நீளமான பெயர் பாதியில் வெட்டுப்படும். ‘கட்டணம்’, ‘வழி’, ‘பல் வலி’ என்று ஒன்றிரண்டு சொல்லில் வையுங்கள். ‘எமது சேவைகள்’ என்ற பெயரை மட்டும் தயவுசெய்து வேண்டாம். வலியில் இருப்பவர் அப்படி ஒன்றைத் தேடி வருவதில்லை.

இதில் பலருக்குத் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. வட்டத்துக்குள் ஸ்டோரிகள் பழையதிலிருந்து புதியது என்ற வரிசையில் ஓடும். கட்டணம் மாறியதென்று புதிய ஸ்டோரியைச் சேர்த்தால், பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது பழைய கட்டணம்தான். புதியதைச் சேர்க்கும் அன்றே பழையதை நீக்கிவிட வேண்டும். ஒரு வட்டத்தில் ஐந்தாறுக்கு மேல் வைக்காதீர்கள், அதற்கு மேல் யாரும் பொறுமையாகத் தட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். போயா விடுமுறை போன்ற ஒருநாள் செய்தி ஸ்டோரியோடு போகட்டும். ஹைலைட்டில் சேர்த்தால், அடுத்த மாதம் அதைப் பார்ப்பவர் கிளினிக் மூடியிருக்கிறதென்று நினைப்பார்.

சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைப் பின் செய்ய ஆசை வரும். நோயாளியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. சம்மதம் இருந்தாலும், மேலே இருக்கும் மூன்று இடங்களில் ஒன்றை நான் அதற்குக் கொடுக்க மாட்டேன்.

எல்லாம் முடிந்ததும், கிளினிக்கைத் தெரியாத ஒருவரின் போனில் பக்கத்தைத் திறந்து, ஐந்து எண்ணியதும் மூடிவிடுங்கள். இங்கே என்ன வைத்தியம், எங்கே, எப்போது என்று கேளுங்கள். எதற்குத் தடுமாறுகிறாரோ அதற்குரிய பதிவை மட்டும் புதிதாகப் போட்டுப் பின் செய்யுங்கள், நேரமென்றால் அறிமுகக் குறிப்பைத் திருத்துங்கள். அப்புறம் வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, போனில் வரும் கேள்விகளைக் குறிக்கச் சொல்லுங்கள். ‘ஞாயிறு திறந்திருக்கா?’ என்ற கேள்வி இரண்டு வாரம் கழித்தும் குறையவில்லையென்றால், நேரம் இன்னும் கண்ணில் படும் இடத்துக்கு வரவில்லை. வணக்கம்.