இலவசமாக அனுப்பும் கருப்பட்டியும் எழுதாத ஒப்பந்தமும்

நேயர்களுக்கு வணக்கம். இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் சில ஆயிரம் பேர் மட்டுமே பின்தொடரும் சிறு படைப்பாளர்களுக்குக் கட்டணம் எதுவும் தராமல் தம் பொருளை இலவசமாக அனுப்பிவைக்கும் வழக்கம், நம் நெல்லைச் சீமையின் சிறு வணிகர்களிடமும் இப்போது பரவியிருக்கிறது. அனுப்பிய பிறகு அவர்களில் பலர் சொல்லும் குறை ஒன்றுதான்: "பொருளை வாங்கிக்கொண்டு ஒரு வீடியோகூடப் போடவில்லையே, அண்ணாச்சி!" வீடியோ போட வேண்டும் என்று யாரும் யாரிடமும் பேசியிருக்கவில்லை என்பது, சற்று விசாரித்தால் தெரிந்துவிடும்.

உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வாங்கி விற்கும் ஒருவர், நாற்பது படைப்பாளர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்தொடர்வோரின் எண்ணிக்கையைவிட, கருத்துப் பகுதியில் "என்ன விலை, எங்கே கிடைக்கும்" என்று மக்கள் கேட்கிறார்களா என்பதையே அவர் பார்த்திருக்க வேண்டும். எல்லாப் பதிவுகளுக்கும் கீழே ஒரே மாதிரியான பாராட்டும் இதயக்குறியும் மட்டுமே நிறைந்திருந்தால், அந்தக் கூட்டம் விலைக்கு வாங்கியதாக இருக்கலாம்.

முகவரி கிடைத்தவுடன் பெட்டியை அனுப்பிவிடக் கூடாது. முதலில் இப்படி ஒரு செய்தி போக வேண்டும்: "எங்கள் கருப்பட்டியில் அரைக் கிலோவை உங்களுக்கு அனுப்ப விரும்புகிறோம். இதற்குக் கட்டணம் தர எங்களால் இயலாது. ஆகவே பதிவு போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிடிக்காவிட்டால் அதையும் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். விருப்பமிருந்தால் முகவரி தாருங்கள்." நாற்பது பேரில் இருபத்தெட்டுப் பேர் சம்மதித்தால், அந்த இருபத்தெட்டுப் பேருக்கு மட்டுமே பெட்டி போகும். பதில் சொல்லாதவருக்கு எப்படியோ முகவரி தேடி அனுப்புவது பணத்தையும் வீணாக்கும், அவர் மனத்தையும் கெடுக்கும்.

கருப்பட்டிக்கு 200 ரூபாய், பெட்டிக்கு 30, கூரியருக்கு 80 என்று கணக்கிட்டால் ஒருவருக்கு 310 ரூபாய். இருபத்தெட்டுப் பேருக்கு 8,680 ரூபாய். இதைச் செலவாகிப்போன பணமாகவே முதல் நாளன்றே எழுதிவிட வேண்டும். பத்துப் பேர் பதிவு போட்டால் ஒரு பதிவின் அடக்கம் 868 ரூபாய், ஐந்து பேர் போட்டால் 1,736 ரூபாய். இந்தத் தொகை கட்டுப்படியாகுமா என்பதே வணிகர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. மற்ற பதினெட்டுப் பேர் ஏன் போடவில்லை என்பது அன்று.

பொருளின் இயல்பையும் மறக்கலாகாது. கருப்பட்டி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சரியாக மூடப்படாமல் போகும் பெட்டி, கசிந்து ஒட்டிய நிலையில்தான் போய்ச் சேரும். படைப்பாளர் அதைத்தான் படம் பிடிப்பார். காற்றுப் புகாத உறையில் இட்டு, தயாரித்த நாளும் உணவு உரிம எண்ணும் அச்சிட்ட பிறகே அனுப்ப வேண்டும்.

உள்ளே வைக்கும் சீட்டில் "சர்க்கரை நோய்க்கு நல்லது" என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரையே. அந்த வரியைப் படைப்பாளர் நம்பித் தம் குரலில் சொல்லிவிட்டால், பொய்யான விளம்பரத்துக்கு அவரும் பொறுப்பாகிவிடுகிறார். பனை எந்த வட்டாரத்தது, பதநீர் எந்தப் பருவத்தில் இறக்கியது, கலப்பு உண்டா இல்லையா என்பவற்றை எழுதினாலே போதும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இலவசமாகப் பெற்ற பொருளைப் பற்றிப் பேசினால் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இலும், நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் நெறிமுறை வெளியிட்டிருக்கின்றன. நிபந்தனையின்றி வந்த பொருளுக்கும் இது பொருந்தும். "இது எனக்கு இலவசமாக வந்தது" என்று வீடியோவிலேயே சொல்லும்படி வேண்டிக்கொள்ளலாம். அதை மறைக்கும்படி எக்காரணம் கொண்டும் கேட்கக் கூடாது.

பெட்டி சேர்ந்து ஒரு வாரத்துக்குப் பிறகு "நல்லபடியாக வந்ததா, உடைந்திருந்ததா?" என்று ஒரு முறை கேட்பது மரியாதை. "எப்போது போடுவீர்கள்?" என்று கேட்டுவிட்டால், முன்பு சொன்ன 'கட்டாயமில்லை' என்ற சொல் பொய்யாகிவிடும். குறிப்பிட்ட நாளில் பதிவு வேண்டும், இன்ன வசனம் வேண்டும், முன்கூட்டிப் பார்த்துத் திருத்த வேண்டும், அந்த வீடியோவை எடுத்துத் தம் விளம்பரத்தில் ஓட்ட வேண்டும் என்றெல்லாம் எதிர்பார்ப்பவர் கட்டணம் பேசியாக வேண்டும். அரைக் கிலோ கருப்பட்டி இவற்றுக்கு ஈடாகாது. அனுமதியின்றி எடுத்து ஓட்டுவது, படைப்பாளர்கள் தமக்குள் பேசிக்கொண்டு அந்த வணிகரை ஒதுக்குவதற்குப் போதுமான காரணம்.

ஒருவர் "இனிப்புக் குறைவு, மண் நெருடுகிறது" என்று குறை சொன்னால், அழிக்கச் சொல்வதை விட்டு, எந்தக் காய்ச்சலில் வடிகட்டுதல் தவறியது என்று பார்த்து அவருடைய கருத்துப் பகுதியிலேயே பதில் எழுத வேண்டும். பதிவு போட்டவர்களுள் யாருடைய பக்கத்தில் வாங்கும் கேள்விகள் வந்தன என்று குறித்துவைத்து, அவர்களில் இரண்டு மூன்று பேரிடம் அடுத்த பருவத்தில் கட்டணம், நாள், வீடியோவைப் பயன்படுத்தும் உரிமை ஆகிய மூன்றையும் எழுத்தில் பேசிக்கொள்ளலாம்.