ஆறாம் தேதியே தெரிந்துவிடும், உங்கள் டேட்டா மாதக் கடைசி வரை தாங்குமா என்று!

வணக்கம் மக்களே! 50 ஜிபி போஸ்ட்பெய்டு பிளான், பில் தேதி 1. இன்று ஆறாம் தேதி, போனில் 9.6 ஜிபி காட்டுகிறது. தாங்குமா, தாங்காதா?

[திரையில்: ஆண்ட்ராய்டு போன் செட்டிங்ஸில் உள்ள டேட்டா பக்கத்தின் போட்டோ]

முதலில் வரைபடத்துக்கு மேலே இருக்கும் தேதிகள் உங்கள் பில் தேதியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் செட்டிங்ஸில் சைக்கிள் தேதியை மாற்றிவிட்டு மறுபடி படமெடுங்கள். அவ்வளவுதான், அடுத்ததுக்குப் போவோம்.

எல்லாரும் போடும் கணக்கு: 9.6-ஐ 6-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்கு. 48 ஜிபி. அப்பாடா, தப்பித்தோம்!

கொஞ்சம் பொறுங்கள். போட்டோவின் மேல் மூலையில் மணி என்ன? பகல் 12. அப்படியென்றால் ஆறாம் நாள் பாதிதான் முடிந்திருக்கிறது, கழிந்தது ஐந்தரை நாள். 9.6-ஐ 5.5-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்கினால் 52.4! அரை நாளைக் கவனிக்காததில் பிளானே பத்தாமல் போகிறது. எனக்கு இந்தக் கணக்கிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். டேட்டா பக்கத்தை விட அந்தக் குட்டிக் கடிகாரம் அதிக விஷயம் சொல்கிறது. ஆனால் தாங்குமா என்று கேட்டுப் படம் அனுப்பும் மகராசர்கள் முதலில் வெட்டி எறிவது அதைத்தான்!

சரி, 52 என்று பயந்து டாப்-அப் போட ஓடாதீர்கள். கீழே ஆப் பட்டியலைப் பாருங்கள். ஒரு கேம் மட்டும் 2.4 ஜிபி. இன்ஸ்டால் செய்ததும் ஒரே மூச்சில் இறக்கியது அது. இதையும் சேர்த்து 30 நாளுக்குப் பெருக்குவது, வீட்டில் கல்யாணம் நடந்த வாரத்து மளிகை பில்லை வைத்து மாதச் செலவைச் சொல்வது மாதிரி. அதைத் தனியே எடுத்து வைத்தால் மிச்சம் 7.2. ஐந்தரை நாளுக்கு 7.2 என்றால் மாதத்துக்கு 39.3, அதோடு அந்த 2.4-ஐ ஒரே ஒரு முறை கூட்டினால் சுமார் 41.7 ஜிபி. தாங்கும்.

ஆனால் இதை நம்பி நெஞ்சை நிமிர்த்தாதீர்கள். ஐந்தரை நாளில் 1 ஜிபி கூடுதலாக ஓடியிருந்தால் மாதக் கணக்கு 5 ஜிபிக்கு மேல் ஏறும். அதே 1 ஜிபி பதினைந்தாம் நாள் முடிவில் பார்த்தால் 2 ஜிபி மட்டுமே ஏற்றும். அதனால் ஆறாம் தேதி கிடைப்பது உத்தேசம்தான், பதினைந்தாம் தேதி இன்னொரு படம் எடுத்துப் பாருங்கள். ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பில் படம் பார்க்கும் வார இறுதி இனிமேல்தான் வரப்போகிறதென்றால், அதையும் தனியாகக் கூட்டுங்கள்.

ஐபோன்காரர்களே, கோபிக்காதீர்கள், உங்களுக்கு ஒரு தனி வில்லங்கம். அங்கே Current Period என்று இருப்பது பில் மாதம் இல்லை, நீங்களே Reset Statistics அழுத்தும் வரை ஏறிக்கொண்டே போகும். அந்தப் பக்கத்தின் அடிவரை ஸ்க்ரோல் செய்து Last Reset தேதியைப் பாருங்கள். போன வருஷத் தேதி இருந்தால் கமெண்ட்டில் போடுங்கள், யாருடையது ரொம்பப் பழசு என்று பார்த்துவிடுவோம்!