நூறு ரூபாய் யாருடையது?

(பழைய வண்ணாரப்பேட்டைத் திருமண மண்டபம் ஒன்றில், துணிக்கடைகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காக நடந்த அறிமுகக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, தன் பள்ளியில் படித்த பிள்ளைகள் இங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள் என்பதற்காகவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த பெரியவர் அவர்களே, எம்.சி. ரோட்டிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் கடையை அடைத்த கையோடு வந்திருக்கும் உரிமையாளர்களே, எல்லோரையும்விட முக்கியமாக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். மண்டப வாடகை வாங்காத பெரியவருக்கு இரண்டாவது முறையும் நன்றி சொல்கிறேன். வாடகை என்றால் என்ன என்பதுதான் இன்றைய பேச்சில் பாதி.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். வாங்கின விலைக்கு மேல் நாம் வைக்கிற தொகை எங்கே போகிறது என்பது ஒன்று. அது இலாபமாக மாறுவது ஒரு நாளில் எந்த நேரத்தில் என்பது இரண்டு. விற்காமல் அலமாரியில் தங்கிவிடும் சரக்கு மூன்று.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கொள்முதல் பில்லைப் பார்த்துவிடுவீர்கள். 400 ரூபாய்க்கு வந்த சட்டையை 500 ரூபாய்க்கு விற்கிறோம் என்று தெரிந்ததும், ஒரு சட்டைக்கு முதலாளிக்கு 100 ரூபாய் இலாபம் என்று மனம் கணக்குப் போடும். வரியைச் சேர்க்காமல் சொல்கிறேன். வாங்கின விலையை வைத்துப் பார்த்தால் அந்த 100 நூற்றுக்கு 25, விற்ற விலையை வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு 20. இரண்டும் ஒரே 100 ரூபாய்தான். அதற்கு மொத்த இலாபம் என்று பெயர். நிகர இலாபம் என்பது வேறு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அந்த 100 ரூபாயை இப்போது அளந்து போடுவோம்.

நம் பகுதியில் உள்ள ஒரு நடுத்தரக் கடையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது மாதம் 1,200 சட்டை விற்கிறது என்றால் விற்பனை 6 இலட்சம் ரூபாய், சரக்குக்குக் கொடுத்தது 4,80,000, மீதி 1,20,000. இதிலிருந்து கடை வாடகை 35,000 போகிறது. உங்களைப் போன்ற இரண்டு பேரின் சம்பளம் 30,000. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தை மாதக் கணக்கில் பிரித்தால் 6,000. சரக்குக்காக வாங்கிய 4 இலட்சம் கடனுக்கு, நூற்றுக்கு ஒன்றரை வட்டி என்றால், இன்னொரு 6,000. துணிப்பை, பில் ரோல் 3,000, தேநீரும் தண்ணீர் கேனும் துப்புரவும் 3,000, பழுது பார்ப்பு 2,000. காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்காரும் முதலாளி தன் உழைப்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய சம்பளம் 20,000. இந்தக் கடைசித் தொகையைப் பலர் எழுதுவதே இல்லை. எழுதாததால் தங்கள் கூலியையே இலாபம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 1,05,000 ஆகிறது. மிஞ்சுவது 15,000, அதாவது சட்டை ஒன்றுக்கு பன்னிரண்டரை ரூபாய்.

இதையே நாள் கணக்கில் பார்த்தால் என் இரண்டாவது செய்தி வந்துவிடும். 1,05,000 ரூபாய்ச் செலவை 30 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 3,500. சட்டைக்கு 100 வீதம், அன்றாடம் முதல் 35 சட்டைகள் வாடகைக்கும் சம்பளத்துக்கும் மின்சாரத்துக்கும் வட்டிக்கும் போகின்றன. முப்பத்தாறாவது சட்டையில்தான் இலாபம் தொடங்குகிறது. ஒரு நாளைக்கு 40 சட்டை விற்கும் கடையில் மாலைக்கு மேல் விற்கும் ஐந்து சட்டைகள்தான் இலாபம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நம் தெருக்களில் தண்ணீர் நின்றதை நீங்கள் பார்த்தீர்கள். நான் சொன்ன கடை அப்படி மூன்று நாள் மூடியிருந்தால் 120 சட்டை விற்பனை போய்விடும், 12,000 குறைந்துவிடும். வாடகையும் வட்டியும் அந்த மூன்று நாளும் நிற்பதில்லை. மாதக் கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய 3,000 ரூபாய்தான்.

இதை நான் கற்ற விதத்தைச் சொல்லியாக வேண்டும். பத்து ஆண்டுகள் கடைப் பையனாக இருந்துவிட்டு, 1994ஆம் ஆண்டு புதுவண்ணாரப்பேட்டையில் சொந்தமாக ஒரு சின்னக் கடை போட்டேன். அந்தத் தீபாவளிக்குக் கல்லா மூட முடியாமல் நிறைந்தது. அந்தப் பணத்தில் மனைவிக்குச் சங்கிலி வாங்கினேன், தங்கைக்குத் தையல் இயந்திரம் வாங்கினேன், நண்பர்களைக் கூட்டிக்கொண்டு விருந்து வைத்தேன். பொங்கல் கழிந்ததும் சௌகார்பேட்டை மொத்த வியாபாரியின் கணக்குப்பிள்ளை பாக்கிச் சீட்டோடு வந்து உட்கார்ந்தார். கடன் வைத்து வாங்கிய சரக்கின் பணத்தைத்தான் நான் செலவழித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத் தெருவாக விற்றவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒன்றும் பேசாமல் தன் புடவைத் தலைப்பை அவிழ்த்து என் முன்னால் விரித்தார். அதில் மூன்று முடிச்சுகள் இருந்தன. முதல் முடிச்சில் மறுநாள் ஏலத்தில் மீன் எடுக்கும் பணம். இரண்டாவதில் ஐஸுக்கும் மீன்பாடி வண்டிக்கும் கொடுக்க வேண்டியது. மூன்றாவது முடிச்சு மிகவும் சின்னது. “இதுதாம்ப்பா நம்ம காசு. மத்ததெல்லாம் நம்ம கையில இருக்குது, அவ்வளவுதான். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்” என்றார். சில நாள் அந்த மூன்றாவது முடிச்சு இருக்காது என்றும், அன்றைக்கு முதல் இரண்டையும் தொடாமல் பழஞ்சோறு சாப்பிட்டோம் என்றும் சொன்னார். சங்கிலியை விற்றுப் பாக்கியை அடைத்தேன். அன்று முதல் என் கல்லாவில் மூன்று டப்பாக்கள் இருக்கின்றன.

உங்களுக்கு இது எதற்கு என்றால், தள்ளுபடி உங்கள் வாயில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் 480க்குக் கேட்கிறார், 20 ரூபாய்தானே என்று கொடுத்துவிடுகிறீர்கள். ஒவ்வொரு சட்டைக்கும் அப்படிக் கொடுத்தால் 1,200 சட்டைக்கு 24,000; மிஞ்ச வேண்டிய 15,000 போய், 9,000 நட்டம். ஆனால், குறைக்கவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. இரவு எட்டரை மணிக்கு, திரும்பிப் போகவிருக்கும் ஒருவருக்கு 20 ரூபாய் குறைத்துக் கொடுத்தால், வராமல் போயிருக்கும் 80 ரூபாய் செலவுக்கு உதவுகிறது. காலை பத்து மணிக்கு, எப்படியும் வாங்கப் போகிறவருக்குக் குறைப்பதுதான் இழப்பு. இந்த வேறுபாட்டை அறிய வேண்டுமானால், அன்று எத்தனையாவது சட்டை விற்கிறோம் என்பது விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால்தான் ஒவ்வொரு மேடையிலும் உரிமையாளர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டு வருகிறேன், தலைவர் அவர்கள் முன்னிலையில் இன்றும் கேட்கிறேன். கடையின் உள்பக்கம், ஊழியர் கண்ணில் படும் இடத்தில், ஒரு செலவுப் பலகை மாட்டுங்கள். இன்றைய செலவு இவ்வளவு, அதற்கு விற்க வேண்டிய எண்ணிக்கை இவ்வளவு, இதுவரை விற்றது இவ்வளவு என்ற மூன்று வரி போதும். கணக்கு வெளியே தெரிந்தால் பையன்கள் சம்பள உயர்வு கேட்பார்கள் என்று ஒரு நண்பர் அஞ்சினார். கேட்கட்டும். நல்ல மாதத்தில் கேட்பது நியாயம், நல்ல மாதம் எது என்பது அவர்களுக்குத் தெரியும். கணக்கை மறைக்கும் கடையில்தான், முதலாளி சட்டைக்கு 100 ரூபாய் அள்ளுகிறார் என்ற எண்ணம் வளர்கிறது. அந்த எண்ணத்தோடு நிற்பவர் துணிப்பையை இரண்டாகக் கொடுப்பார், ஆள் இல்லாத மாடியில் மின்விசிறியை ஓடவிடுவார். என் கடையில் பலகை மாட்டிய பிறகு மாடி விளக்கை அணைத்தது நான் அல்ல, அங்கே வேலை செய்யும் பெண்தான். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றால், அளக்கும் படி எல்லோர் கையிலும் இருக்க வேண்டும்.

விற்காத சரக்கைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, அடுத்துப் பேச வேண்டிய தலைமையாசிரியை அம்மா காத்திருக்கிறார். வாசலருகே மேசையில் உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் 1 முதல் 40 வரை கட்டம் போட்டு, 35க்குக் கீழே சிவப்புக் கோடு இழுத்திருக்கிறேன். நாளைக் காலை முதல் சட்டை விற்றதும் முதல் கட்டத்தில் ஒரு புள்ளி வையுங்கள். உங்கள் கடையின் கோடு வேறு எண்ணில் இருக்கும், அதை முதலாளியிடம் கேட்டு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.