சிரித்துவிட்டுப் போகாதீர்கள், எழுதிக் கொடுங்கள்

(டர்பன், சாட்ஸ்வொர்த்தில் நடந்த தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் பேசியது)

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் ஐயா அவர்களே, வேலைகளுக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கோயில் தர்மகர்த்தாக்களே, வட்டக் கவுன்சிலர் அவர்களே, இந்தியத் துணைத் தூதரகத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரி அவர்களே, காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் மகளிர் அணித் தங்கைகளே, உங்கள் எல்லாருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய ஐவரும் தலைவர் ஐயாவின் தொண்டைப் பாராட்டிவிட்டார்கள். நான் ஆறாவதாகப் பாராட்டினால் அவரே எழுந்து போய்விடுவார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என்னை ஆசிரியை என்று நினைத்துக்கொண்டு யாரோ பொன்னாடை போர்த்தினார்கள். நான் தையல் தொழிற்சாலையில் ஷாப் ஸ்டூவர்டாக, அதாவது தொழிலாளர்களின் சங்கப் பிரதிநிதியாக இருந்து ஓய்வு பெற்றவள். தொழிலாளிக்குப் புகார் எழுதித் தருவதைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்தேன். 'அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்' என்று என் அம்மா சொல்வார். என் வீட்டில் இதைக் கேட்டுக் கேட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. இன்று உங்கள் முறை.

மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். வேலை இடத்தில் ஒருவரின் உச்சரிப்பையும் தாய்மொழியையும் கிண்டல் செய்வது எந்த இடத்தில் பாகுபாடாகிறது என்பது ஒன்று. அப்போது என்ன செய்வது என்பது இரண்டு. கிண்டல் செய்பவர் வாடிக்கையாளராக இருந்தால் என்ன என்பது மூன்று. முதலில் ஒரு தம்பியின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை. வேலை விசாவில் வந்தவன். டர்பனுக்குத் தெற்கே ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் வேலை. எந்த லாரி எந்த வாசலுக்கு வர வேண்டும் என்று கையில் இருக்கும் ரேடியோவில் சொல்ல வேண்டும். அவன் நம் ஊர் உச்சரிப்பில் 'பிப்டீன்' என்பான். உடனே மறுமுனையில் ஒரு குரல், 'யெஸ் ஸார், பிப்டீன் ஸார், வெரி நைஸ் ஸார்' என்று இழுக்கும். கிடங்கு முழுக்கச் சிரிப்பு. முதல் வாரம் அவனும் சிரித்தான். புதிதாக வந்தவன் வேறு என்ன செய்வான்?

அப்புறம் ஒருவன் அந்த ரேடியோ பேச்சைப் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டான். இன்னொருவன் அதை ரிங்டோனாக வைத்துக்கொண்டான். சாப்பாட்டு நேரத்தில் யாராவது போன் செய்தால் இவன் குரல் ஒலிக்கும், மேசை முழுக்கத் தலையை ஆட்டிக் காட்டும். ஃபோர்மேனும் அந்தக் குழுவில்தான் இருந்தார். அவரும் சிரிக்கிற பொம்மை போட்டார். கொஞ்ச நாளில் 'அடுத்த கப்பலில் திரும்பிப் போ' என்று எழுதினார்கள்.

எழுதியது யார் தெரியுமா? வெள்ளைக்காரர் இல்லை. நம் பையன், சாட்ஸ்வொர்த் பையன், வீட்டில் மாரியம்மனுக்குக் கஞ்சி வார்க்கிற குடும்பம். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் 342 பேர் ஒப்பந்தக் கூலிகளாக இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்களே, அவர்களை என்ன சொல்லி அழைத்தார்கள் என்று நம் தாத்தா பாட்டியிடம் கேட்டிருக்கிறோம். அந்த வம்சத்தில் வந்த பையன் இன்னொரு தமிழனைக் கப்பல் ஏறச் சொல்கிறான்! சரி, கைத்தட்ட வேண்டாம், நேரம் போகிறது.

ஷிப்ட் லீடர் வேலை காலியானது. அந்த வேலையைச் சில மாதமாகப் பொறுப்பில் இருந்து பார்த்தவன் இவன்தான். வேலை வேறொருவருக்குப் போயிற்று. ஏன் என்று கேட்டான். 'உன்னைவிட வேலை தெரிந்தவன் இங்கே இல்லை, ஆனால் நீ ரேடியோவில் பேசினால் பசங்க சிரிப்பாங்களே' என்றார் ஃபோர்மேன். அன்றைக்குத்தான் தம்பி என் வீட்டுக்கு வந்தான். அதுவரை அவனுக்கு இது புகார் செய்கிற விஷயம் என்றே தோன்றவில்லை.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 6ஆம் பிரிவில், எந்தெந்தக் காரணங்களுக்காக ஒருவரைப் பாகுபடுத்தக் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இனமும் பாலினமும் அதில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். மொழியும், இன அல்லது சமூகப் பூர்வீகமும், பிறப்பும் அதே பட்டியலில் இருக்கின்றன. இந்தக் காரணங்களை வைத்து ஒருவரைத் தொல்லை செய்வதும் பாகுபாடுதான் என்று அதே பிரிவு சொல்கிறது. அதனால் பதவியோ சம்பளமோ போனால்தான் பாகுபாடு என்று நினைக்காதீர்கள்.

கிண்டல் எப்போது தொல்லையாகிறது? 2022 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த வேலையிடத் தொல்லை பற்றிய விதித்தொகுப்பு சில கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது. அந்த நடத்தை விரும்பப்படாத ஒன்றா? செய்தவருக்கு அது தெரியுமா, அல்லது தெரிந்திருக்க வேண்டுமா? அது ஒருவரின் மதிப்பைக் குலைக்கிறதா, வேலை செய்யவே முடியாத சூழலை உண்டாக்குகிறதா? மொழி, பூர்வீகம் போன்ற காரணத்தோடு அதற்குத் தொடர்பு உண்டா? 'நான் தமாஷுக்குத்தான் சொன்னேன்' என்பது இதில் எடுபடாது, ஏனென்றால் கெட்ட எண்ணம் இருந்ததென்று நிரூபிக்க வேண்டிய தேவை இல்லை. வாயைத் திறந்து 'நிறுத்து' என்று சொல்லியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. எழுந்து போனது, பதில் சொல்லாமல் இருந்தது, இவையும் கணக்கில் வரும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 'நீ சொன்னது புரியவில்லை, இன்னொரு முறை சொல்' என்பது பாகுபாடு இல்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓடும் இடத்தில் பதினைந்தாம் வாசலா ஐம்பதாம் வாசலா என்று குழம்பினால் ஆளே நசுங்கிப்போவான். அந்த வேலைக்கு அவசியமான தகுதியை முதலாளி கேட்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் நம் தம்பியின் பேச்சால் ஒரு லாரிகூட வாசல் மாறிப் போனதில்லை. ஃபோர்மேனும் 'புரியவில்லை' என்று சொல்லவில்லை, 'சிரிப்பார்கள்' என்றார். வழக்கு நின்றது அந்த ஒரு சொல்லில்தான்.

சரி, என்ன எழுதினோம்? நம்மவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். 'என்னை மோசமாக நடத்துகிறார்கள்', 'என் உச்சரிப்பைக் கேலி செய்கிறார்கள்' என்று மட்டும் எழுதுவார்கள். உச்சரிப்பு என்ற பேர் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் உள்ள காரணத்தை வைத்து அடித்தளம் போட்டுவிட்டால், தன் செய்கை பாகுபாடு இல்லை, நியாயமானதுதான் என்று முதலாளி நிரூபிக்க வேண்டும். பட்டியலில் இல்லாத காரணம் என்றால் நிரூபிக்கும் சுமை நம் தலையில் விழுகிறது. அதனால் 'என் மொழியையும் இனப் பூர்வீகத்தையும் காரணமாக வைத்து' என்று முதல் வரியிலேயே எழுத வைத்தேன். ஹெச்ஆர் அலுவலகத்தில் 'இரண்டு பேரும் தமிழர்கள்தானே, எப்படிப் பாகுபாடாகும்?' என்று கேட்டார்கள். கிண்டல் செய்தவரின் இனத்தைச் சட்டம் கேட்கவில்லையே!

கடிதத்தில் தேதி, நேரம், சொன்ன சொல் அப்படியே, யார் யார் கேட்டார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதினோம். வாட்ஸ்அப் பதிவுகளை, அனுப்பியவர் பெயரும் நேரமும் தெரிகிற மாதிரி, படமெடுத்துச் சேர்த்தோம். குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறப் போனான், எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகு போ என்று பிடித்து நிறுத்தினேன். கடிதத்தைக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டான். இந்தக் கையெழுத்து ஏன் முக்கியம் என்றால், சட்டத்தின் 60ஆம் பிரிவில் விஷயம் முதலாளியின் காதுக்குப் போக வேண்டும் என்று இருக்கிறது. அதன் பிறகு அவர் எல்லாரையும் விசாரித்து வேண்டியதைச் செய்ய வேண்டும். செய்யாமல் இருந்தால், தொழிலாளி செய்த தவறு முதலாளி செய்த தவறாகவே கொள்ளப்படும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நான் சொல்வது இதற்குத்தான். காதில் போடாமலே இருந்தால் 'எனக்குத் தெரியாது' என்று அவர் கையை விரித்துவிடுவார்.

வாரக்கணக்கில் பதில் இல்லை. வேலைத் தகராறுகளைச் சமரசம் பேசித் தீர்த்து வைக்கும் சி.சி.எம்.ஏ. அமைப்புக்குப் போனோம். கட்டணம் கிடையாது. 7.11 என்ற படிவம், அதன் நகல் ஒன்றை முதலில் கம்பெனிக்குக் கொடுத்து, கொடுத்ததற்கான சான்றையும் இணைக்க வேண்டும். சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தாமதமானால் தகுந்த காரணம் காட்டிக் கெஞ்ச வேண்டியிருக்கும். படிவத்தில் துபாஷி வேண்டுமா என்றும் ஒரு கேள்வி உண்டு. வெட்கப்படாமல் 'தமிழ்' என்று எழுதுங்கள். இந்த நாட்டு அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவிலேயே, மதிப்புத் தரப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழ் பேரோடு இருக்கிறது.

'அம்மா, விசா போய்விடுமா?' என்று தம்பி திரும்பத் திரும்பக் கேட்டான். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் முகத்திலும் அதே கேள்வி தெரிகிறது. பெர்மிட் காலாவதியான ஒரு வெளிநாட்டவரைக்கூடத் தொழிலாளி என்றே லேபர் கோர்ட் 2008இல் சொன்னது. செல்லுபடியாகும் விசா கையில் இருப்பவர் புகார் கொடுத்தார் என்று பழிவாங்குவதையும் அதே சமத்துவச் சட்டம் தடுக்கிறது. பயம் உடனே போய்விடும் என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தம் முடியும்போது புதுப்பிக்காமல் விட முதலாளிக்கு ஆயிரம் காரணம் கிடைக்கும். அதனால்தான் ஒவ்வொரு தாளும் கையில் இருக்க வேண்டும் என்கிறேன்.

சமரசப் பேச்சிலேயே முடிந்தது. பணமும் கொடுத்தார்கள், எவ்வளவு என்று கேட்காதீர்கள், வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம். எழுத்தில் மன்னிப்பு வந்தது. ஷிப்ட் லீடர் பதவி மட்டும் அவனுக்கு வரவில்லை. அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

மூன்றாவது விஷயம், வாடிக்கையாளர். கவுன்சிலர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், அதனால் சுருக்கமாக. கடைக்கு வந்தவர் இழிவாகப் பேசிய வழக்கில், அவர் ஊழியர் இல்லை என்பதால் 60ஆம் பிரிவின்படி முதலாளியைப் பிடிக்க முடியாது என்று லேபர் அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். தலைவர் ஐயா, இந்த மண்டபம் சனிக்கிழமை மதியம் பூட்டியே கிடக்கிறது. கல்யாண வரவேற்பு இல்லாத சனிக்கிழமைகளில் அங்கே ஒரு புகார் மேசை போட வேண்டும் என்று போன பொதுக்குழுவிலும் கேட்டேன், அதற்கு முந்தியதிலும் கேட்டேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பதால் மறுபடியும் அழுகிறேன். மேசை இரண்டு, நாற்காலி ஆறு, பிரிண்டர் ஒன்று போதும். ஆங்கிலம் நன்றாக எழுதத் தெரிந்த நம் பிள்ளைகள் நான்கு பேர் வந்தால் எழுதும் முறையை நானே சொல்லித் தருகிறேன். 'கப்பல்' என்று எழுதினானே, அந்தப் பையனையும் கூப்பிட்டிருக்கிறேன். அவன் ஆங்கிலம் அருமையாக இருக்கும்.

வருகிறவர்கள் சம்பளச் சீட்டையும் வேலை ஒப்பந்தத்தையும் போனையும் கொண்டு வரட்டும். போனில் எதையும் அழிக்காமல் வரட்டும். பிரிண்டருக்குத் தூதரக அதிகாரி அவர்கள் ஏதாவது செய்வார் என்று நினைக்கிறேன், அவர் சிரிக்கிறார். தலைவர் ஐயா தலையை ஆட்டுகிறார். சாவியை யாரிடம் வாங்கிக்கொள்வது என்று மட்டும் சொல்லிவிட்டால், நான் உட்கார்ந்துவிடுகிறேன். வணக்கம்.