பெருங்காய டப்பாக்குள்ள மாவு எவ்வளவு, பெருங்காயம் எவ்வளவு?

வணக்கம் மக்களே, சவுண்டு சரியா வருதா? ஓகே. இன்னைக்கு மேஜை மேல மூணு ஐட்டம் இருக்கு, கட்டிப் பெருங்காயம், தூள், அப்புறம் இந்த குருணை மாதிரி இருக்கிறது. ஏன்னா போன மாசம் பெரிய டப்பா மஞ்சள் தூள் பெருங்காயம் வாங்கி நல்லா ஏமாந்தேன். ஒரு சிட்டிகை போட்டேன் வாசனையே இல்ல, மூணு போட்டேன், எண்ணெய்ல விழுந்த உடனே நுரைச்சு கருகி அடியில ஒட்டிக்கிச்சு. கருகினது பெருங்காயம் இல்லங்க, மாவு!

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், மாவு கலந்தா அது கலப்படம்னு அர்த்தம் இல்ல. பெருங்காயம்ங்கிறது ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம் வளர்ற ஒரு செடியோட வேரைக் கீறினா வடியிற பால், அது காஞ்சு பிசினா ஆகும். அதை அப்படியே சமையல்ல போட்டா ரொம்ப காரசாரமா, கசப்பா இருக்கும், அளந்து போடவும் முடியாது. அதனால கருவேல இனத்துப் பிசின், மைதா இல்லன்னா அரிசி மாவு சேர்த்துத்தான் விக்கிறாங்க, இதுக்குப் பேரு கூட்டுப் பெருங்காயம். இந்திய உணவு விதியில இதுக்கு ஆல்கஹால்ல கரையிற பகுதி குறைஞ்சது 5 சதவீதம் இருந்தாலே போதும். அப்ப மீதி? அதான் மேட்டர். ஒரு டப்பாவுக்கும் இன்னொரு டப்பாவுக்கும் நடுவுல வித்தியாசம் பெருசா இருக்கும், ரெண்டுமே சட்டப்படி சரிதான்.

கடையில டப்பாவத் திறந்து மோந்து பார்க்க விடமாட்டாங்க, அதனால பின்பக்கத்தத் திருப்புங்க. சேர்மானப் பட்டியல்ல எடை அதிகமா இருக்கிறதுதான் முதல்ல வரும். இதோ என்னோட பழைய டப்பா, கேமரா ஃபோகஸ் ஆகுதா... முதல்ல மாவு, அடுத்து பிசின், கடைசில பெருங்காயம், சதவீதமும் போடல. இன்னொண்ணுல பெருங்காயம் எத்தனை சதவீதம்னு எழுதியிருக்கு, எனக்கு அந்த மாதிரி எழுதுறவங்க மேலதான் நம்பிக்கை. நிறத்த நம்பாதீங்க, தூள்ல மஞ்சள் தூளும் சேர்க்கிறது உண்டு, பளிச்சுனு இருந்தா ஸ்ட்ராங்னு அர்த்தம் இல்ல. கோதுமை ஒத்துக்காதவங்க வீட்டுல இருந்தா இந்தப் பட்டியல கண்டிப்பா படிக்கணும், மைதா இருக்கலாம்.

சரி வீட்டுக்கு வந்தாச்சு, இப்ப டெஸ்ட். மூணு கண்ணாடி கிளாஸ், ஒவ்வொண்ணுலயும் அரை கிளாஸ் வெதுவெதுப்பான தண்ணி, மூணையும் கால் ஸ்பூன் அளவு போடுறேன், கட்டியையும் குருணையையும் நசுக்கிட்டுத்தான் போடணும் இல்லன்னா கம்பேர் பண்ண முடியாது. கலக்கிட்டு கால் மணி நேரம் அசைக்காம விட்டேன். பாருங்க, கட்டி போட்டது பால் மாதிரி வெள்ளையா அப்படியே நிக்குது. குருணையும் கலங்கலாத்தான் இருக்கு, அடியில கொஞ்சம் படிஞ்சிருக்கு. என் பழைய தூளு இருக்கே, மேல கிட்டத்தட்ட தெளிஞ்ச மஞ்சத் தண்ணி, அடியில படிஞ்சது எல்லாம் மாவு! அந்த அடி வண்டலை விரல்ல தேச்சுப் பாருங்க, வழவழன்னு இருந்தா மாவு, நறநறன்னு இருந்தா மண்ணோ கல்லுப்பொடியோ, அது வாங்கவே கூடாது. ஆனா ஒண்ணு, கூட சேர்க்கிற கருவேலப் பிசின் தண்ணியில கரைஞ்சிடும், அதனால அந்தப் பிசினால நிரப்பினத இந்த டெஸ்ட் காட்டாது, அதுக்கு மூக்குதான். அயோடின் விட்டுப் பாக்காதீங்க, மாவு இருக்கிற எல்லா கூட்டும் நீலமாத்தான் ஆகும், அதுல ஒண்ணும் தெரியாது. எரிச்சுப் பாக்குறதும் கலக்காத கட்டிக்குத்தான், கற்பூரம் மாதிரி பிரகாசமா எரியும், தூள்ல அதை எதிர்பார்க்காதீங்க.

கலக்காத பெருங்காயம்னு சொல்லி வித்தாங்கன்னா ஒரு துண்டு வெட்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா இருந்து காத்து பட பட இளஞ்சிவப்பாகி அப்புறம் பழுப்பாகும். நான் நேத்து வெட்டி வச்சது இதோ, ஓரம் சிவந்திருச்சு பாருங்க, எனக்கு இதப் பாக்குறதே பிடிக்கும்.

அப்ப எது வாங்கலாம்? எனக்கு கட்டிதான், ஆனா உடைக்கிறது தலைவலி, ரொம்ப பழசுன்னா கல்லு மாதிரி ஆயிடும், வெந்நீர்ல ஊறப்போட்டு அந்தத் தண்ணிய ஊத்துவேன். காலைல அவசரம்னா குருணை, தூள விட வாசனை நிக்கும், ஆனா எண்ணெய்ல போட்டு பொரியிற வரை பொறுக்கணும், பச்சையா மேல தூவினா பல்லுல மாட்டும். தூள்தான் வேணும்னா சின்ன டப்பாவா, தேதி பார்த்து வாங்குங்க, ஆட்டினா கட்டியா உருண்டுச்சுன்னா உள்ள ஈரம் புகுந்திருக்கு, அத கடையிலயே திருப்பி வச்சிடுங்க. என்னோட பெரிய டப்பா இன்னும் முக்கால்வாசி இருக்கு, தாளிப்புல போடாம கொதிக்கிறப்ப கடைசில நிறைய போட்டுத் தீத்துக்கிட்டு இருக்கேன்.